விசிறிக்கு எட்டாத நட்சத்திரம்

டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் சென்னை சாந்தோம் தெருக்களிலும் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடும். வாசலில் தொங்கும் நட்சத்திரத்துக்கு மழைதான் பகை. அதையே கூடத்துக்குள் கொண்டுவந்து தொங்கவிட்டால், பகை தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும். நம் ஊரில் மார்கழிக் குளிரிலும் மின்விசிறி ஓயாது. கொசுவுக்காகவாவது ரெகுலேட்டர் இரண்டில் நிற்கும். கிறிஸ்துமஸ் அன்று வீடு நிறைய உறவினர் வந்துவிட்டால் யாராவது ஒருவர் அதை ஐந்துக்குத் திருப்பிவிடுவார். அதுவரை அமைதியாக ஆடிக்கொண்டிருந்த நட்சத்திரம் அப்போதுதான் இறக்கையில் மாட்டும்.

இதைத் தவிர்க்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இருக்கிறதிலேயே வெயிட் கம்மியா எது இருக்கு?" என்பதைத்தான். கேள்வி சரிதான். ஆனால் பாதிக் கேள்வி. எடை குறைந்த நட்சத்திரம் விழுந்தால் யாருக்கும் அடிபடாது. இறக்கையில் பட்டால் இறக்கை வளையாது. அதைத் தாங்கப் பெரிய கொக்கியும் வேண்டாம். இவ்வளவு நன்மையும் உண்மை. ஆனால் எடை குறையக் குறைய, காற்று அதை நகர்த்துவதும் சுலபமாகிவிடுகிறது. ஆகவே எடையோடு இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அது எவ்வளவு காற்றை வாங்குகிறது என்பது. இன்னொன்று, எங்கே, எவ்வளவு நீளத்தில் தொங்குகிறது என்பது.

அறைக்குள் காற்று போகும் வழி

வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 1200 மில்லிமீட்டர் விசிறி, அதாவது 48 அங்குலம். நடுவிலிருந்து இறக்கை நுனி வரை 2 அடி. முழு வேகத்தில் இது நிமிடத்துக்கு 200 கன மீட்டருக்கு மேல் காற்றைக் கீழே தள்ளும். இறக்கைகளுக்கு நேர் கீழே அந்தக் காற்று நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது.

இறங்கிய காற்று தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. சுவரில் ஏறுகிறது. மேல்தளத்தைத் தொட்டதும் அங்கிருந்து மறுபடி விசிறியை நோக்கித் திரும்பி, இறக்கைகளுக்கு மேலுள்ள இடைவெளி வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. நமக்கு முக்கியமானது இந்தக் கடைசிப் பயணம்தான். மேல்தளத்தை ஒட்டித் தொங்கும் எதையும் காற்று வெளியே தள்ளுவதில்லை, விசிறியின் பக்கம் இழுக்கிறது. "ஃபேனுக்குக் கீழே கட்டவில்லையே, பக்கத்தில்தானே கட்டினேன்" என்று சொல்பவர்களின் நட்சத்திரமும் கிழிவதற்குக் காரணம் இதுவே. இந்த இழுப்பு கீழிறங்கும் காற்றை விட மிக மெல்லியது. ஆனால் ஓயாதது. ஜிகினா வால், ரிப்பன் நுனி, மிஞ்சிய நூல் போன்ற எடையற்ற பொருள்களுக்கு அதுவே போதும்.

காற்றின் வேகம் மூன்று மடங்கானால் அதன் தள்ளுவிசை ஒன்பது மடங்காகிறது. 2 அடி அகலமும் 120 கிராம் எடையும் உள்ள ஐந்து முனைக் காகித நட்சத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 1 மீட்டர் காற்று அதன் முகத்தில் பட்டால், நூல் செங்குத்திலிருந்து மூன்று நான்கு பாகை மட்டுமே சாயும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அதே நட்சத்திரத்தில் நொடிக்கு 3 மீட்டர் காற்று பட்டால் ஏறத்தாழ 30 பாகை சாயும். ஓரடி நூலில் தொங்குகிறது என்றால் நட்சத்திரத்தின் நடுப்பகுதி ஓரடி தூரம் விலகிவிடும். காற்று விட்டு விட்டு வீசி, ஆட்டத்தோடு தாளம் சேர்ந்துவிட்டால் இன்னும் அதிகம். விசிறியை இரண்டில் வைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்டுவது தவறு என்பது இதனால்தான்.

கடையில் எதை எடுப்பது

நம் கடைகளில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தட்டையாக மடிந்து வரும் கெட்டி அட்டைக் காகித நட்சத்திரம். ஐந்து முனை, ஏழு முனை என வரும். சிறு துளைகள் வெட்டி, உள்ளே வண்ணத்தாள் ஒட்டியிருக்கும். விரித்து, விளிம்பைக் கட்டி, உள்ளே பல்பைத் தொங்கவிட வேண்டும். கூடத்துக்கு மிகவும் பொருத்தமானது இதுதான். சட்டம் எதுவும் இல்லாததால் எடை குறைவு. மடிப்புகளே விறைப்பைத் தருவதால் காற்றில் நசுங்குவதில்லை. வாங்கும்போது முனைகளின் மடிப்புக் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். காகிதத்தின் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரிந்தால், அங்கேதான் முதலில் கிழியும். பசை ஓட்டம் முனை வரை போயிருக்கிறதா என்றும் பாருங்கள். நுனியில் வாய் பிளந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து, நாள்பட நாள்பட ஓட்டை முழுவதும் பிரித்துவிடும்.

இரண்டாவது, மூங்கில் பத்தையில் கட்டி வண்ணத்தாள் ஒட்டிய பழைய பாணி நட்சத்திரம். வீட்டில் கையால் செய்வது பெரும்பாலும் இதுதான். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அது வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் உரியது. சுழலும் இறக்கையில் காகிதம் பட்டால் கிழிந்து போகும். மூங்கில் பட்டால் பத்தை தெறிக்கும், இறக்கையும் வளையும்.

மூன்றாவது, பிறந்தநாள், கல்யாண வீடுகளில் தொங்கவிடும் உருண்டைக் காகித விளக்குக் கூடு. மெல்லிய கம்பி வளையங்களின் மேல் தாள் ஒட்டியிருக்கும். உருண்டை வடிவத்தில் காற்று வழுக்கிச் செல்வதால், அதே அகலமுள்ள தட்டை நட்சத்திரத்தை விடக் குறைவாகவே காற்று வாங்கும். இதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டை விரித்துப் பிடிக்க உள்ளே ஒரு கம்பிச் சட்டம் செருகுவோம் அல்லவா? தொடர்ந்து ஆடினால் அது நழுவி, கூடு ஒரு பக்கம் சுருங்கிவிடும். சட்டத்தின் இரு கொக்கிகளையும் வளையத்தோடு சேர்த்துச் சிறு நூலால் கட்டிவிட்டால் நழுவாது. 12 அங்குலத்துக்கு மேற்பட்ட உருண்டையைச் சிறிய அறைக்கு எடுக்க வேண்டாம்.

நான்காவது, தேன்கூடு போல விரியும் மெல்லிய டிஷ்யூ காகிதப் பந்தும் நட்சத்திரமும். எல்லாவற்றிலும் எடை குறைந்தது இதுதான். விசிறி ஓடும் அறைக்குக் கொஞ்சமும் ஆகாததும் இதுதான். ஒவ்வொரு அறையும் தனித்தனியாகக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டு விட்டால் பந்து பாதியாக மடியும். அலமாரிக்குள்ளோ குடிலுக்குப் பக்கத்திலோ வைக்கலாம்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நட்சத்திரத்தை விரித்து, மேல் முனையை ஒரு நூலில் பிடித்துக்கொண்டு, பில் அட்டையோ காலண்டர் அட்டையோ எடுத்து ஒரு முழ தூரத்திலிருந்து விசிறுங்கள். நட்சத்திரம் மொத்தமாக ஆடினால் பரவாயில்லை. முனைகள் மட்டும் தனியாகப் படபடத்தால், காகிதம் அந்த அளவுக்குப் போதிய விறைப்பில்லாதது. அதே காகிதத்தில் ஓர் அளவு சிறியதை எடுங்கள். ஆட்டத்தைவிடப் படபடப்புதான் காகிதத்தை விரைவில் கொல்லும்.

எட்டும் தூரத்தை அளப்பது

இனி வீட்டுக்கு வருவோம். மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று. கொக்கியிலிருந்து நட்சத்திரத்தின் கீழ் நுனி வரை, வால் இருந்தால் வாலின் நுனி வரை, அளந்துகொள்ளுங்கள். இதுதான் அதன் எட்டும் தூரம். காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் இதற்கு மேல் அது போக முடியாது. கொக்கிக்கும் மிக அருகில் வரும் இறக்கை நுனிக்கும் உள்ள இடைவெளி இதை விட அதிகமாக இருந்தால், முழுப் புயலே வீட்டுக்குள் வந்தாலும் நட்சத்திரம் இறக்கையைத் தொடாது. அரையடி உபரி வைத்துக்கொண்டால் நிம்மதி.

10 அடிக்கு 12 அடி கூடம் ஒன்றில் போட்டுப் பார்ப்போம். விசிறி நட்ட நடுவில் இருக்கிறது. நடுவிலிருந்து ஒரு ஜோடிச் சுவர் 5 அடி, மறு ஜோடி 6 அடி. இறக்கை 2 அடியை எடுத்துக்கொள்கிறது. ஆக, பக்கத்துச் சுவருக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே மிஞ்சுவது 3 அடி.

பலரும் செய்வது போல, நீளச் சுவரின் மத்தியில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு கொக்கி மாட்டுகிறோம் என்று வையுங்கள். இறக்கை நுனிக்கு மிஞ்சுவது 2 அடிதான், அதாவது 24 அங்குலம். 2 அடி நட்சத்திரத்தை ஓரடி நூலில் கட்டினால் எட்டும் தூரம் 36 அங்குலம். கூடவே கூடாது. அந்த இடத்தில் 12 அங்குல உருண்டைக் கூட்டை 6 அங்குல நூலில் கட்டலாம்; எட்டும் தூரம் 18 அங்குலம், உபரி 6.

அதே கூடத்தின் மூலைக்குப் போனால் கதை மாறுகிறது. இரு சுவரிலிருந்தும் ஒன்றரை அடி தள்ளிக் கொக்கி மாட்டினால், விசிறியின் நடுவிலிருந்து குறுக்கே 5.7 அடி தூரம் வருகிறது. இறக்கையைக் கழித்தால் 3.7 அடி, ஏறத்தாழ 44 அங்குலம். இங்கே 2 அடி நட்சத்திரத்தை ஓரடி நூலில் தாராளமாகத் தொங்கவிடலாம். 36 போக 8 அங்குலம் கையில் இருக்கும். ஒன்றரை அடி தள்ளியிருப்பதால், முனை சுவரில் உரசிச் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளாது. பெரிய நட்சத்திரத்துக்கு மூலை, சிறியதற்குச் சுவர் ஓரம் என்ற பங்கீடு பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும். 8 அடிக்கு 10 அடி படுக்கையறை என்றால், மூலையிலிருந்து ஓரடி தள்ளிய கொக்கிக்கும் இறக்கைக்கும் 3 அடிதான் இருக்கும். அங்கே ஒன்றரை அடி நட்சத்திரமும் ஓரடி நூலும் எல்லை.

மேலே அண்ணாந்து பார்த்து இறக்கை நுனி எங்கே இருக்கிறது என்று மதிப்பிடுவது எல்லோரையும் ஏமாற்றும். விசிறியை நிறுத்தி, ஓர் இறக்கையைக் கையால் கொக்கியின் பக்கம் திருப்பி, அதன் நுனிக்கு நேர் கீழே தரையில் ஒரு சாக்பீஸ் புள்ளி வையுங்கள். கொக்கிக்கு நேர் கீழே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தால் வேலை முடிந்தது. விசிறி அறையின் நடுவில் இல்லாத வீடுகளும் நிறைய உண்டு. அங்கே இந்த அளவு கட்டாயம்.

நூலும் முடிச்சும்

கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று பலர் மீன்பிடி நைலான் நூலை எடுக்கிறார்கள். விசிறி அறையில் அது வேண்டாம். நைலான் அறுவதில்லை. வால் நுனி விசிறியில் மாட்டினால், அது முழு நட்சத்திரத்தையும் கொக்கியோடு பிடுங்கி மோட்டாரைச் சுற்றிக்கொள்ளும். பூக்கட்டும் பருத்தி நூல் நூறு நூற்றைம்பது கிராமைச் சுலபமாகத் தாங்கும். இறக்கை இழுத்தால் அறுந்து நட்சத்திரத்தைக் கீழே விட்டுவிடும். இங்கே நமக்குத் தேவை அந்த அறுதல்தான்.

ஒற்றை நூலில் தொங்கும் நட்சத்திரத்துக்கு ஆட்டத்தோடு சுழற்சியும் உண்டு. விசிறியின் காற்றே சுழன்று வருவதால், நட்சத்திரம் ஒரே பக்கமாகச் சுற்றி நூலை முறுக்கும். முறுக்கு ஏறியதும் எதிர்ப்பக்கம் அவிழும். இரவு முழுக்க இது நடந்தால் காகிதத்தின் துளை நைந்து கிழியும். பல்பு ஒயரும் சேர்ந்து முறுக்கினால் உள்ளே உள்ள செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். விளக்கு மினுக்மினுக்கென்று விட்டு விட்டு எரிந்தால் அதுதான் அறிகுறி. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, இரட்டை நூல். மேல்தளத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு கொக்கிகள் மாட்டுங்கள். இரண்டும் விசிறியை நோக்கிய நேர்கோட்டில் இருக்க வேண்டும். நட்சத்திரத்தின் மேல் முனையில் மூன்று விரல் இடைவெளி விட்டு இரண்டு துளைகள் போட்டு, ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் ஒரு நூலைக் கொண்டுவந்து கட்டுங்கள். நூல்கள் சாய்வாக இறங்கி நட்சத்திரத்தில் நெருங்கி வரும். இப்போது அது விசிறியின் பக்கம் ஆட முயன்றால் தூரத்துக் கொக்கியின் நூல் இழுத்துப் பிடிக்கும். சுழல முயன்றால் இரண்டு நூலும் சேர்ந்து திருப்பிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. இப்படிக் கட்டினால் நட்சத்திரத்தின் விளிம்புதான் விசிறியைப் பார்க்கும், முகம் பார்க்காது. விசிறியை நோக்கிப் போகும் காற்று முகத்தில் மோதாமல் இரு பக்கமும் நழுவிவிடும். விசிறிக்கு அருகே உள்ள கொக்கியிலிருந்து எட்டும் தூரத்தை அளக்க மறக்காதீர்கள்.

துளை போடும் இடத்தில் காகிதத்தின் இருபுறமும் செல்லோ டேப் ஒட்டி, அதன் மேல் துளையிட வேண்டும். காகிதத்தில் மட்டும் போட்ட துளை, நூல் அறுப்பது போல அறுந்து மேலே ஏறும்.

ஒட்டும் கொக்கியை நம்புவதற்கு முன் மேல்தளத்தைச் சோதியுங்கள். ஒரு துண்டு செல்லோ டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டிப் பிடுங்கிப் பாருங்கள். அதில் வெள்ளைப் பொடி ஒட்டி வந்தால், கொக்கியும் ஒருநாள் அதே பொடியோடு விழும். சுண்ணாம்பும் மலிவான டிஸ்டம்பரும் அடித்த தளங்கள் எல்லாம் அப்படித்தான். அங்கே திரைச்சீலைக் கம்பி, ஜன்னல் கிரில், பரணின் விளிம்பு இவற்றில் ஒன்றைத் தேடுவது நல்லது. விசிறியையே நடுக்கம்பமாக்கி, அதன் மேல் கிண்ணத்திலிருந்து நான்கு மூலைக்கும் காகிதத் தோரணம் இழுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கட்டிய அன்று அது இறுக்கமாக இருக்கும். இரண்டு நாளில் ஒரு மூலை டேப் விட்டுவிட்டால், தொய்ந்த தோரணம் நேராக இறக்கை மேலேயே விழும். அதைச் செய்யவே வேண்டாம்.

விளக்கு வைத்தால்

உள்ளே பல்பு வைப்பவர்கள் அரை வாட், ஒரு வாட் எல்இடி இரவு விளக்கையே எடுக்க வேண்டும். பழைய இழை பல்பின் கண்ணாடி சுடும். அசையாமல் தொங்கும் வரை காகிதத்திலிருந்து விலகியிருக்கும், ஆடும்போது காகிதத்தில் போய்ச் சாயும். வண்ணத்தாளில் பழுப்பு வட்டம் தெரிந்தால் அங்கே கருக ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

ஹோல்டரும் பல்பும் சேர்ந்து எடையைக் கூட்டுவதால் நட்சத்திரம் கொஞ்சம் நிதானமாக ஆடும். ஆனால் நூல் போல ஒயர் அறாது. அதனால் விளக்குள்ள நட்சத்திரத்துக்கு உபரி இடைவெளியை அரையடியிலிருந்து ஓரடியாக்குங்கள். ஒயரை விசிறி இருக்கும் பக்கமாகக் கொண்டு போகாமல், கொக்கியிலிருந்து சுவரோரமாக இறக்குங்கள். நட்சத்திரத்தின் எடை நூலில் இருக்க வேண்டும், ஒயர் சற்றே தொய்வாக இருக்க வேண்டும்.

முழு வேகத்தில் ஒரு பரீட்சை

எல்லாம் கட்டிய பின் விசிறியை ஒன்றில் ஆரம்பித்து, படிப்படியாக ஐந்து வரை ஏற்றி, ஐந்தில் பத்து நிமிடம் விடுங்கள். ஜன்னலையும் திறந்து பாருங்கள், வாடைக்காற்றும் சேரட்டும். முனைகள் படபடக்கின்றனவா, வால் எதுவும் விசிறியின் பக்கம் நீள்கிறதா என்று கவனியுங்கள். நீளும் வாலைக் கத்தரியால் குறைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை நூலின் முறுக்கையும் துளைகளையும் பாருங்கள். கடலோர ஊர்களில் ஈரம் ஏறிக் காகிதம் தளர்ந்து, ஓரிரு நாளில் முனைகள் தொங்கும். பசை விட்ட இடத்தை உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டினால் சீசன் முழுக்கத் தாங்கும்.

மீறி ஏதாவது மாட்டிவிட்டால், ஓடும் விசிறியில் கை வைத்து இழுக்காமல் சுவிட்சை அணையுங்கள். இறக்கை தானாக நின்றபின், எதிர்ப்பக்கமாகக் கையால் சுற்றி நூலை அவிழ்த்து, மிஞ்சியதைக் கத்தரியுங்கள். மோட்டாருக்கும் இறக்கைக்கும் நடுவே துண்டு நூல் எதுவும் தங்கியிருக்கக் கூடாது. பிறகு ஒவ்வோர் இறக்கை நுனிக்கும் மேல்தளத்துக்கும் உள்ள உயரத்தை ஒரே இடத்தில் நின்று டேப்பால் அளங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் விசிறிக்கு ஆபத்தில்லை. ஒன்று மட்டும் மாறினால் அந்த இறக்கை வளைந்திருக்கிறது. ஓடும்போது விசிறி தள்ளாடும். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை அதைப் போடாதீர்கள்.

எந்த மூலையிலும் கணக்கு ஒத்துவராத சின்ன அறைகள் உண்டு. அங்கே தொங்கவிடும் ஆசையை விட்டுவிட்டு, அதே மடிப்பு நட்சத்திரத்தைச் சுவரிலோ ஜன்னல் கண்ணாடியிலோ ஒட்டினாற்போல் வைத்து, மேல் முனையையும் கீழ் முனைகளையும் கட்டிவிடுங்கள். எங்கும் ஆட வழியில்லாததால் நூல் முறுக்காது, முனை படபடக்காது. தலைக்கு மேல் விசிறி ஐந்தில் ஓடினாலும், மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை அது கிழியாமல் இருக்கும். அதன் பிறகு மடித்து எடுத்து வைத்தால் அடுத்த டிசம்பருக்கும் ஆகும்.